சோப்பு விற்கிறார்களா? சொந்தக்காரர்களை விற்கிறார்களா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. ராத்திரி எட்டு மணி. தறிக்குழியில் இருந்து காலை எடுத்துவிட்டு நெசவாளி சாப்பிட உட்காருகிறார். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பெண்டாட்டியின் சித்தப்பா மகன் வந்து நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. ஆறு மாசமாக எட்டிப் பார்க்காதவன்.

"மாமா, ஒரு சின்ன விசயம். நாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் எனக்காக ஒதுக்குங்க. என்ன ஏதுன்னு இப்ப கேக்காதீங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

இப்படித்தான் ஆரம்பம் ஆகிறது. பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் மருந்து, துணி சோப்பு, பல் பசை என்று வீட்டு உபயோகச் சாமான்களைக் கடை இல்லாமல் ஆள் வைத்து விற்கும் வியாபாரம். நேரடி விற்பனை என்று பெயர். ஊர்க்காரர்கள் "செயின்" என்றே சொல்கிறார்கள்.

சோப்பு விற்பது குற்றம் அல்ல. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிப் பசை எடுக்கும் ஊர் இது. சோப்பின் தராதரம் இந்த ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நேரடி விற்பனையை அரசாங்கமும் தடை செய்யவில்லை. நியாயமாக விற்று லாபம் பார்க்கிறவர்களும் இருக்கக் கூடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விற்கப்படுவது சோப்புதானா?

கல்யாண மண்டபத்தில்...

கூட்டம் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில், இல்லாவிட்டால் ஓட்டல் மாடியில். உள்ளே போனதும் கை குலுக்கல். கோட்டு போட்ட ஒருவர் மேடை ஏறுகிறார். ஒரு சொட்டு திரவத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் தட்டு பளபளக்கிறது. கை தட்டல். இந்த வேடிக்கை பத்தே நிமிஷம். மீதி ஒன்றரை மணி நேரமும் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

"நான் போன வருசம் சைக்கிள்ல போனேன். இன்னைக்கு கார்ல வந்திருக்கேன்" என்கிறார் ஒருவர். "தறிக்குழியில இன்னும் எத்தனை வருசம் கால் வச்சிக்கிட்டு இருப்பீங்க?" என்று கேட்கிறார் அடுத்தவர். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, இடுப்பு வலி. கேள்வி சரியான இடத்தில் போய்க் குத்துகிறது.

பிறகு பலகையில் வட்டம் போடுகிறார்கள். நடுவில் நீங்கள். உங்களைச் சுற்றி ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தால் 24. அந்த 24 பேரும் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தால் 48. ஆக உங்களுக்குக் கீழே 78 பேர். "ஆறே ஆறு பேரை உங்களால சேர்க்க முடியாதா?" என்று கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்? மச்சான், சகலை, ஓரகத்தி, பாவு போடும் தெருக்காரர் என்று அங்கேயே விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் பெயரை எல்லாம் எழுதச் சொல்வதும் உண்டு. சோப்பு யாருக்கு வேண்டும் என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை!

வட்டத்துக்குள் கணக்கு

மேடையில் போடாத கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். கம்பெனிக்குக் கம்பெனி விகிதம் மாறும். உதாரணத்துக்கு ஒரு திட்டத்தை இப்படி வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் உங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் சேர்த்து மாச வியாபாரம் ரூ.2 ஆயிரம் என்றால் 3 சதவிகிதம் கமிஷன். 5 ஆயிரம் ஆனால் 6 சதவிகிதம். 25 ஆயிரம் ஆனால் 9 சதவிகிதம். ஒன்றரை லட்சத்தைத் தொட்டால் 15 சதவிகிதம். ஆனால் கீழே உள்ளவருக்குப் போக வேண்டியதைக் கழித்த மிச்சம்தான் மேலே உள்ளவருக்கு. இந்த வித்தியாசத்தில்தான் எல்லா சூட்சுமமும் இருக்கிறது.

வட்டத்தில் உள்ள 79 பேரும், மேலே இருக்கும் ஆளையும் சேர்த்து, மாசம் தலைக்கு ரூ.2 ஆயிரத்துக்குச் சாமான் வாங்குகிறார்கள். மொத்தம் ரூ.1 லட்சத்து 58 ஆயிரம். 15 சதவிகிதம் என்றால் கமிஷன் ரூ.23,700. இதை எப்படிப் பிரிக்கிறார்கள்?

அடியில் உள்ள 48 பேருக்கு ஆளுக்கு ரூ.60. அதற்கு மேல் உள்ள 24 பேருக்கு ஆளுக்கு ரூ.240. அதற்கும் மேல் உள்ள ஆறு பேருக்கு ஆளுக்கு ரூ.900. உச்சியில் இருக்கும் ஒரே ஒருவருக்கு ரூ.9,660!

ரூ.2 ஆயிரம் செலவு செய்தவருக்கு ரூ.60 கையில் வருகிறது. 79 பேரில் 78 பேர் போட்ட பணத்தைவிடக் குறைவாகத்தான் திரும்ப வாங்குகிறார்கள். போட்டதற்கு மேல் பார்ப்பது ஒரே ஒருவர். மேடையில் காரைப் பற்றிப் பேசியவர் அவர்தான். அவர் சொன்னது பொய் இல்லை. மற்ற 78 பேரைப் பற்றிச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

"சும்மாவா கொடுக்கிறாங்க? சாமான் கையில இருக்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சாமானை அடுத்த தெருக்காரர், செயினில் சேராதவர், விலை கொடுத்து வாங்கினால் அது வியாபாரம். விற்ற லாபமும் தனியாகக் கையில் நிற்கும். வட்டத்துக்குள் இருப்பவர்களே கமிஷனுக்காக வாங்கி, வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால்? வெளியில் இருந்து ஒரு பைசா உள்ளே வரவில்லை. 78 பேர் பணம்தான் சுற்றி வந்து ஒருவர் பைக்குள் போகிறது.

"எங்க சாமான் கெட்டியான சரக்கு, தண்ணீர் கலந்து உபயோகிக்கணும், அதனால விலை கூட" என்பார்கள். பாதி உண்மை. பாட்டில் விலையைப் பார்க்காமல், ஒரு பாட்டில் எத்தனை நாள் வந்தது என்று எழுதி வைத்து, கடைச் சரக்கின் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரே மாசத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தக் கணக்கை வீட்டுப் பெண்கள் நொடியில் போடுவார்கள். அதனால்தானோ என்னவோ கூட்டத்தில் அதற்கு நேரம் ஒதுக்குவது இல்லை.

கட்டிலுக்கு அடியில்...

மாசக் கடைசியில்தான் வேதனை. மேலே சொன்ன கணக்கில் ரூ.900 வாங்கும் ஆளை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கீழே நாலு பேர், அவர்களுக்குக் கீழே எட்டுப் பேர். நாலு பேரில் ஒருவர், "போதும்டா சாமி" என்று விலகிவிட்டார். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் அவரோடு போய்விட்டார்கள். வியாபாரம் ரூ.26 ஆயிரத்தில் இருந்து ரூ.20 ஆயிரத்துக்கு இறங்குகிறது. 9 சதவிகிதம் 6 ஆகிறது. கமிஷன் ரூ.900 எங்கே? கீழே உள்ளவர்களுக்குப் போனது போக ரூ.120தான் மிச்சம்.

மேலே உள்ளவர் போன் போடுகிறார். "தம்பி, ஐயாயிரம்தானே குறையுது? நீங்களே சாமானா எடுத்துடுங்க. ஸ்தானம் போயிடக் கூடாது. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

தம்பியும் எடுக்கிறார். கமிஷன் ரூ.1,170 ஆகிறது. கூடுதலாகக் கிடைத்தது ரூ.1,050. அதற்காகக் கையைவிட்டுப் போனது ரூ.5 ஆயிரம். அந்த ஐந்தாயிரத்துக்கான பாட்டில்கள் எங்கே? கட்டிலுக்கு அடியில்! ஜரிகைக் கட்டும் பாவும் வைக்கும் இடத்தில் தரை துடைக்கும் மருந்து அடுக்கி இருக்கிறது. ஒரு செயின் நியாயமானதா இல்லையா என்று தெரிய வேண்டுமா? சேர்த்துவிட்டவர் வீட்டுக்குப் போகும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இதில் பஸ் செலவு, கூட்டத்துக்கு டிக்கெட், "முன்னேற்ற" புத்தகம், வெளியூர் மாநாடு எதையும் சேர்க்கவில்லை. கூட்டத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அந்தக் கூலியையும் சேர்க்கவில்லை.

ஊர் எத்தனை பெரிசு?

ஆளுக்கு ஆறு பேர் என்று சேர்த்துக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? ஆறு, 36, 216, 1,296, 7,776, 46,656... ஏழாவது படியில் 2 லட்சத்து 79 ஆயிரத்து 936 பேர் வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி காஞ்சீபுரம் நகராட்சியில் இருந்தவர்களே சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம் பேர்தான். பால் குடிக்கும் குழந்தையையும், வரதராஜர் கோவில் பட்டாச்சாரியாரையும், பஸ் ஸ்டாண்டு போர்ட்டரையும் சேர்த்தாலும் பற்றாது.

ஆனால் உண்மையில் ஏழாவது படி வரை போவதே இல்லை. இரண்டாவது, மூன்றாவது படியிலேயே சொந்தக்காரர்கள் தீர்ந்துபோகிறார்கள். பெரிய நகரத்தில் என்றால் முன்பின் தெரியாதவரைப் பிடிக்கலாம். இந்த ஊர் அப்படி இல்லை. நெசவுத் தெருவில் எதிர் வீட்டுக்காரர் சம்பந்தியாக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் பாவு நூல் கைமாற்றுக் கொடுப்பார். கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்றால் அவர் பிள்ளைதான் வந்து உட்காருவான். அந்த மனுஷனிடம் போய் ரூ.2 ஆயிரத்துக்குச் சாமான் வாங்க வைத்து, அவர் ரூ.60 பார்த்த பிறகு, மறுநாள் காலையில் எந்த முகத்தோடு கைமாற்றுக் கேட்பது? கம்பெனிக்கு ஒரு வாடிக்கைக்காரர் போனால் நஷ்டம் ஒரு பாட்டில். இவர்களுக்குத் தெருவே போய்விடுகிறது.

ஆம்வே வழக்கு சொல்வது என்ன?

இந்த வியாபாரத்தில் உலகம் அறிந்த பெயர் ஆம்வே. அமெரிக்கக் கம்பெனி. வீட்டு உபயோகத் திரவ சோப்பில் ஆரம்பித்தது. அங்கேயே 1975ல் அரசின் வர்த்தகக் கமிஷன் வழக்குப் போட்டது. 1979ல் தீர்ப்பு. இது பிரமிடு மோசடி அல்ல என்று கமிஷன் சொன்னது. ஏன் அல்ல? வாங்கிய சரக்கில் 70 சதவிகிதத்தை விற்ற பிறகே அடுத்த சரக்கு எடுக்க வேண்டும், மாசம் பத்து வெளி வாடிக்கைக்காரர்களுக்கு விற்றதைக் காட்ட வேண்டும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிக்கு விதிகள் இருந்தன. அந்த விதிகள்தான் காப்பாற்றின. அதே தீர்ப்பில், வருமானத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஆள் பிடிக்கக் கூடாது என்றும் கமிஷன் கட்டளை போட்டது.

நம்ம ஊர்க் கூட்டத்தில், "அமெரிக்காவுலயே கோர்ட்டு ஒத்துக்கிட்டது" என்று யாராவது சொன்னால், "அந்தப் பத்து வாடிக்கைக்காரர் விதி உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இந்தியாவில் 1998ல் ஆம்வே வியாபாரம் தொடங்கியது. 2007ல் ஆந்திர ஐகோர்ட்டு, அப்போது நடந்த அதன் திட்டம் 1978ம் ஆண்டு பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தின் கீழ் வரும் என்று சொன்னது. 2013 மே மாதம் கேரள போலீஸ், கம்பெனியின் இந்தியத் தலைவர் பிங்க்னியையும் இரண்டு டைரக்டர்களையும் கைது செய்தது. மறு வருஷம் ஆந்திர போலீசும் அவரைக் கைது செய்தது.

2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ரூ.757 கோடிக்கு மேல் மதிப்புள்ள சொத்துக்களை முடக்கியது. அதில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலமும் தொழிற்சாலைக் கட்டடமும் அடக்கம். வெளிச் சந்தைச் சாமானோடு ஒப்பிட்டால் விலை மிக அதிகம், ஆளைச் சேர்த்துப் பணக்காரர் ஆகலாம் என்று காட்டுவதுதான் குறி, பொருள் ஒரு மறைப்பு என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. இது 2011ம் ஆண்டு தொடங்கிய விசாரணை, நாங்கள் ஒத்துழைத்து வருகிறோம் என்று கம்பெனி அப்போது சொன்னது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதை மறக்கக் கூடாது.

ஆனாலும் 1979லும் சரி, 2022லும் சரி, சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். வருமானம் சோப்பு வாங்கியவரிடம் இருந்து வந்ததா, செயினில் சேர்ந்தவரிடம் இருந்து வந்ததா?

இதை ஆருத்ரா மாதிரி விவகாரத்தோடு போட்டுக் குழப்பவும் கூடாது. அங்கே மாசம் 25, 30 சதவிகிதம் என்று ஆசை காட்டி நேராகப் பணத்தையே வாங்கினார்கள். 2022ல் விவகாரம் வெடித்தபோது ஏமாந்தவர் போலீஸ் வாசலில் வரிசையில் நின்றார். இங்கே ஏமாந்தவர் வரிசையில் நிற்பது இல்லை. கையில் பாட்டில் இருப்பதால், "நமக்குத்தான் சாமர்த்தியம் பத்தலை" என்று வாயை மூடிக்கொள்கிறார். மேடையிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். "ஜெயிக்காதவங்க முயற்சி பண்ணாதவங்க!"

சட்டம் போட்டிருக்கும் கோடு

2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கு என்றே நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. பிரமிடு திட்டம் கூடாது. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மாதிரிச் சாமான் பை என்று காசு பிடுங்கக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. "இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டால் இந்தச் சாமான் விலை உங்களுக்குத் திரும்பிவிடும்" என்று சொல்லி விற்கவும் கூடாது. கல்யாண மண்டபத்துப் பேச்சில் இந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தட்டு கழுவிய பத்து நிமிஷம்தான்!

இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்க மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கண்காணிப்பு சென்னைக் கோட்டையோடு நின்றால் பிள்ளையார்பாளையத்துக்குப் பிரயோஜனம் இல்லை. காஞ்சீபுரத்தில் இப்படிக் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். கம்பெனியின் அச்சடித்த விதியில் ஒன்று இருக்கும். மேடையில் இருப்பவர் பேசுவது வேறாக இருக்கும். "அவர் எங்க சம்பள ஆள் இல்லை, தனி ஏஜெண்டு" என்று கம்பெனி கை கழுவப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆளை வைத்துச் சம்பாதிக்கிறவர் ஆள் பேசிய பேச்சுக்கும் பொறுப்பு.

வருமானம் பேசுகிறவர் மேடையிலேயே சராசரியையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் ஆக்க வேண்டும். போன வருஷம் இந்த ஊரில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், விலகியவர்கள் எத்தனை பேர், வாங்கிய சரக்கைக் கழித்துத் தலைக்குக் கிடைத்தது எவ்வளவு? மூன்று வரிதான். பலகையில் வட்டம் போட இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் கட்டிலுக்கு அடியில் உள்ள பாட்டிலை உடைக்காமல், பில்லோடு எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட தாளில் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, கெடுவுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாய்ச்சொல் உதவாது. கம்பெனியில் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அங்கே பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சேராதவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். மோட்டார் சைக்கிளில் வந்த மச்சானுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்:

"ஏன் மாப்ளே, செயின்ல சேராதவங்களுக்குப் போன மாசம் எத்தனை பாட்டில் வித்தீங்க? பில் புக்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்."